கப்பல் வேலைக்கான மருத்துவத் தகுதிச் சான்றிதழ்: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கப்பலில் சேர மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும் என்கிறார்கள். செம்பூரில் இருக்கும் எங்கள் குடும்ப டாக்டரே எழுதித் தந்தால் போதாதா?

போதாது. இந்தியாவில் இந்தச் சான்றிதழை டி.ஜி. ஷிப்பிங் எனப்படும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அங்கீகரித்த மருத்துவர்கள் மட்டுமே வழங்க முடியும். குடும்ப மருத்துவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அவருடைய கடிதம் செல்லாது. பட்டியல் இயக்ககத்தின் dgshipping.gov.in தளத்தில் இருக்கிறது. இயக்ககத்தின் தலைமையகம் காஞ்சூர்மார்க்கில்தான் இருக்கிறது என்றாலும், பட்டியலைப் பார்ப்பதற்காக அங்கே நேரில் போக வேண்டிய அவசியமில்லை.

பரிசோதனையின் அளவுகோல்களில் பெரும்பாலானவை சர்வதேச ஏற்பாடுகளிலிருந்து வருகின்றன. எஸ்.டி.சி.டபிள்யூ. என்று கப்பல்காரர்கள் சொல்லும் பயிற்சி மற்றும் சான்றளிப்பு உடன்படிக்கை, 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஆகிய இரண்டும் அடிப்படை. இவற்றை மருத்துவர் எப்படி நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் 2013 இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. கீழே நான் சொல்லும் எண்களில் பெரும்பகுதி இவற்றைச் சார்ந்தவை. இவை குறைந்தபட்ச எல்லைகள் என்பதையும், பயிற்சிக் கல்லூரியோ கப்பல் நிறுவனமோ இவற்றைவிடக் கடுமையாகக் கேட்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பரிசோதனையே இல்லாமல் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்ட் சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கப்பல் நிறுவனம் தன் சொந்த மருத்துவரை வைத்து மறுபடியும் சோதிக்கும். அன்று குறை வெளிப்படும்போது ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் மட்டுமல்லாமல், அதற்குள் கட்டி முடித்த கல்லூரிக் கட்டணமும் திரும்ப வராது.

அங்கே போனால் என்னென்ன பார்ப்பார்கள்? ஊசி, எக்ஸ்ரே எல்லாம் உண்டா?

முதலில் கேள்விகள். இதுவரை வந்த நோய்கள், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், வலிப்பு, மயக்கம், ஆஸ்துமா, மனநலச் சிகிச்சை, தினமும் உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு படிவத்தில் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அடுத்து உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தூரப் பார்வை, கிட்டப் பார்வை, நிறப் பார்வை, பார்வைப் புலம், செவித்திறன் ஆகியவை. அதன் பிறகு மருத்துவர் இதயம், நுரையீரல், வயிறு, குடலிறக்கம், மூட்டுகள், தோல், பற்கள் என்று உடலை முழுமையாகப் பார்ப்பார். சிறுநீர், ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே ஆகியவை வழக்கமாகச் சேரும். வயதையும் பதவியையும் பொறுத்து இ.சி.ஜி.யும் எடுப்பார்கள்.

இந்த நீண்ட வரிசையில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. சொத்தைப் பல், குடலிறக்கம், சிறுநீரகக் கல் ஆகியவை தற்காலிகத் தகுதியின்மைக்குத்தான் காரணமாகும். பல்லை அடைத்து, குடலிறக்கத்துக்கு அறுவை செய்து, கல்லை அகற்றி, ஆறிய பிறகு திரும்பி வரலாம். பிறவியிலேயே வந்த நிறப்பார்வைக் குறை அப்படியல்ல. அதற்குச் சிகிச்சை இல்லை. ஆனாலும் பிள்ளைகள் பணம் கட்டிச் சேரும் நேரத்தில்தான் வாழ்க்கையில் முதல் முறையாக அதைச் சோதித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தப் பக்கத்தில் அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

என் மகன் கண்ணாடியே போடுவதில்லை. சிக்னலில் சிவப்பு, பச்சை எல்லாம் சரியாகச் சொல்கிறான். அவனுக்கு நிறக்குருடு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நிறக்குருடு என்ற சொல்லைக் கேட்டதும், உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் நிலை என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் மிகமிக அரிது. பரிசோதனையில் நாம் காண்பதெல்லாம் சிவப்பு-பச்சைக் குறைதான். கண்ணின் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகைப்படும். அவற்றில் சிவப்புப் பக்கத்தையோ பச்சைப் பக்கத்தையோ உணரும் வகை இல்லாமல் போகும்போது, அல்லது தன் எல்லையிலிருந்து சற்று விலகி வேலை செய்யும்போது இந்தக் குறை உண்டாகிறது. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அது பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருகிறது. தாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. தாய்மாமனுக்கோ தாய்வழித் தாத்தாவுக்கோ இருந்திருக்கலாம். அவர்களும் அறியாமலேயே வாழ்ந்து முடித்திருக்கலாம்.

சாலை சிக்னலில் மகன் சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிவப்பு மேலே, பச்சை கீழே என்ற இடம் நமக்கு மனப்பாடம். சுற்றியிருக்கும் வண்டிகள் நிற்பதும் நகர்வதும் துணை செய்கின்றன. விளக்கும் பெரியது, அருகில் இருப்பது. கடலில் இந்த உதவிகள் எதுவும் கிடையாது. இரவில் இன்னொரு கப்பலின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். 1972 ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் பக்க விளக்குகள் குறைந்தது 3 கடல் மைல் தூரத்துக்குத் தெரிந்தால் போதும். இரண்டு கப்பல்கள் தலா 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல், வேகத்தில் எதிரெதிரே வந்தால் அந்த 3 மைல் 6 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் கண்ணுக்குத் தெரியும் அந்தச் சிறு புள்ளி சிவப்பா, பச்சையா, வெள்ளையா என்று லுக்அவுட், அதாவது கடலைக் கண்காணிக்கும் பணியில், நிற்பவர் சொல்ல வேண்டும். எதிரில் வருவது எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது, எந்தத் திசையில் போகிறது, யார் வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தவை. சிவப்புப் பக்கக் குறை உள்ளவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: சிவப்பு ஒளியே மங்கலாகத் தெரிவதால், மற்றவர்கள் பார்க்கும் தூரத்தில் அந்த விளக்கு அவர் கண்ணில் படாமலே போகலாம்.

புள்ளிப் புள்ளியாக எண் இருக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். அதை யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போனால்?

அதன் பெயர் இஷிஹாரா புத்தகம். முழுப் பதிப்பில் 38 தகடுகள் இருக்கும். பகல் வெளிச்சத்தில், கண்ணிலிருந்து 75 செ.மீ. தூரத்தில் நேராகப் பிடித்துக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வினாடிகளுக்குள் பதில் வர வேண்டும். முதல் தகட்டில் உள்ள 12 என்ற எண் குறை உள்ளவருக்கும் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள வைக்கத்தான் அந்தத் தகடு. அடுத்த தகடுகளில் ஒரே படம் இரண்டு விதமாகப் படிக்கப்படும். சாதாரணக் கண்ணுக்கு 8 என்று தெரிவது சிவப்பு-பச்சைக் குறை உள்ளவருக்கு 3 என்று தெரியும். 29 என்பது 70 ஆகவும், 74 என்பது 21 ஆகவும் தெரியும். வேறு சில தகடுகளில் நமக்கு எண் தெரியும், அவருக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் சிலவற்றில் நமக்கு வெறும் புள்ளிகள்தான், அவருக்கோ 45, 73 போன்ற எண்கள் எழுந்து நிற்கும்.

மனப்பாடம் செய்துவந்தவரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மருத்துவர் தகடுகளை வரிசை மாற்றிக் காட்டுவார். வரிசையை நம்பி வந்தவர் தகட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு மருத்துவரின் முகத்தைப் பார்ப்பார். தலையைச் சாய்த்து, உடலை முன்னால் தள்ளி, கண்ணைச் சுருக்கி, பிறகு மிகுந்த உறுதியோடு அடுத்த தகட்டின் விடையைச் சொல்வார். அப்படியே தப்பித்தாலும் பயன் குறைவு. இந்தச் சோதனை ஒரு முறையோடு முடிவதில்லை. கப்பல் வாழ்க்கை முழுவதும் திரும்பத் திரும்ப வரும். சில இடங்களில் புத்தகத்துக்குப் பதிலாக விளக்குச் சோதனையே வைப்பார்கள்.

வீட்டில் செல்போன் திரையில் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். திரையின் நிறமும் வெளிச்சமும் போனுக்குப் போன் மாறும். எனவே அதில் தேறுவதும் தோற்பதும் நம்பத்தக்கவை அல்ல. அதே காரணத்தால், பரிசோதனை நடந்த அறையில் மஞ்சள் குண்டு பல்பு எரிந்ததாகவோ, புத்தகம் பழையதாகிக் கைபட்டு நிறம் மங்கியிருந்ததாகவோ தோன்றினால், பகல் வெளிச்சத்தில் நல்ல புத்தகத்தைக் கொண்டு மறுபடியும் சோதிக்கும்படி மரியாதையாகக் கேட்கலாம். அது நியாயமான கோரிக்கை.

எண் புத்தகத்தில் தோற்றுவிட்டேன். டெக் கிடைக்காவிட்டால் இஞ்சின் பக்கம் போகலாம் என்கிறார் மாமா. உண்மையா?

பாதி உண்மை. டெக் என்பது கப்பலை வழிநடத்தும் பிரிவு, இஞ்சின் என்பது இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. நடைமுறையைப் புரிந்துகொள்ள ஒருவரின் நிலையை முழுவதும் எடுத்துப் பார்ப்போம். சயான் கோலிவாடாவில் வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்த 18 வயது மாணவர் ஒருவர் டெக் கேடட், அதாவது டெக் பிரிவின் பயிற்சி அதிகாரி, ஆக வேண்டும் என்று வருகிறார். தூரப் பார்வை இரண்டு கண்ணிலும் 6/6. புத்தகத்தைத் திறந்ததும் 12 என்று சரியாகச் சொல்கிறார். அடுத்து 8 ஐ 3 என்கிறார். 29 ஐ 70 என்கிறார். 74 ஐ 21 என்கிறார். நமக்கு ஒன்றும் தெரியாத தகட்டில் 45 என்கிறார். எந்த வகைக் குறை என்று பிரித்துக் காட்டும் தகட்டில் 26 க்குப் பதிலாக 2 மட்டும் தெரிகிறது என்கிறார். 2 மட்டும் தெரிந்தால் குறை பச்சைப் பக்கத்தில். 6 மட்டும் தெரிந்தால் சிவப்புப் பக்கத்தில். ஆக, இவருக்குப் பச்சைப் பக்கக் குறை.

புத்தகம் குறை இருக்கிறதா என்பதைத்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும். அந்தக் குறையோடு விளக்குகளை அடையாளம் காண முடியுமா என்பதைச் சொல்லாது. அதற்கு விளக்குச் சோதனை இருக்கிறது. இருட்டறையில், சில மீட்டர் தொலைவில், ஊசிமுனை போன்ற சிறு ஒளிப்புள்ளிகள் இணை இணையாகத் தோன்றும். சிவப்பா, பச்சையா, வெள்ளையா என்று சொல்ல வேண்டும். நம் மாணவர் சிவப்பைத் தவறாமல் சொல்கிறார். மங்கலான பச்சையைச் சில முறை வெள்ளை என்கிறார். அதன்பின் டி-15 என்ற சோதனையில் நிற வில்லைகளை வரிசைப்படுத்தச் சொன்னால், பெரிய பிழை இல்லாமல் அடுக்கிவிடுகிறார்.

இப்போது முடிவைப் பார்ப்போம். சர்வதேச ஒளியியல் ஆணையம் நிறப்பார்வையை மூன்று தரங்களாகப் பிரித்திருக்கிறது. எந்தக் குறையும் இல்லாதவர் முதல் தரம். குறை இருந்தும் விளக்குச் சோதனையில் தேறுபவர் இரண்டாம் தரம். விளக்கில் தவறினாலும், பரப்பு நிறங்களைப் பிரித்தறிய முடிகிறவர் மூன்றாம் தரம். எஸ்.டி.சி.டபிள்யூ. அட்டவணை டெக் அதிகாரிகளுக்கும் லுக்அவுட் நிற்கும் ரேட்டிங்குகள் எனப்படும் அதிகாரி அல்லாத பணியாளர்களுக்கும் முதல் அல்லது இரண்டாம் தரம் வேண்டும் என்கிறது. இஞ்சின் பிரிவினருக்கும் மின்தொழில்நுட்ப அதிகாரிகளுக்கும் மூன்றாம் தரம் வரை ஏற்கிறது. நம் மாணவர் மூன்றாம் தரம். டெக் கதவு அவருக்கு மூடிவிட்டது. இஞ்சின் கதவு சர்வதேச அட்டவணைப்படி திறந்திருக்கிறது.

ஆனால் மாமா விட்டுவிட்ட இடம் இதுதான். இந்தியாவில் பயிற்சிக்குச் சேர்க்கும் அறிவிப்புகள், டெக்குக்கு மட்டுமின்றி இஞ்சினுக்கும் நிறக்குருடு இருக்கக் கூடாது என்றே பொதுவாகக் கேட்கின்றன. எனவே அட்டவணையைக் காட்டி வாதாடுவதற்கு முன், சேர விரும்பும் கல்லூரியின் அந்த ஆண்டு அறிவிப்பைப் படித்து, மருத்துவ அறிக்கையின் நகலோடு அவர்களிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும் வரையில் கட்டணம் கட்டாதீர்கள். தொலைபேசியில் யாரோ ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கப்பலின் சமையல், உணவுப் பிரிவுக்கு அந்த அட்டவணை நிறப்பார்வைத் தரம் எதையும் விதிக்கவில்லை. அந்த வழியை இழிவாக நினைக்க வேண்டியதில்லை.

நிறம் தெரிய வைக்கும் கண்ணாடி, லென்ஸ் எல்லாம் விற்கிறார்களே. போட்டுக்கொண்டு போகலாமா?

கூடாது. நிறமேற்றிய கண்ணாடியையோ எக்ஸ்-குரோம் வகை லென்ஸையோ அணிந்து நிறச்சோதனை எழுத அனுமதி இல்லை. அந்த லென்ஸ் நிறத்தைத் திருப்பித் தருவதில்லை. சில நிறங்களின் வெளிச்சத்தை மட்டும் மாற்றிக் காட்டுகிறது. புத்தகத்தில் எண் தெரியலாம். ஆனால் சிவப்பு வடிகட்டி வழியாகப் பார்க்கும்போது, இரவில் தொலைவில் எரியும் பச்சை விளக்கு முன்பைவிட மங்கிவிடும். கண் பயிற்சியால் குணமாக்குவதாகச் சொல்பவர்களிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்து, ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் சரியாகப் படித்த ஒருவர் திடீரென்று தவறினால் அது பிறவிக் குறை அல்ல. காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்ப்யூட்டால் மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். அதன் முதல் அடையாளமாகச் சிவப்பு-பச்சை வேறுபாடு மங்கலாம். மாத்திரையை உரிய நேரத்தில் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பும். காலம் தாழ்த்தினால் திரும்பாமலும் போகலாம். காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கோ அண்மையில் முடித்தவருக்கோ நிறம் மங்குவதாகத் தோன்றினால், கப்பல் மருத்துவரிடம் வருவதற்கு முன்பே கண் மருத்துவரிடமும் காசநோய் மருத்துவரிடமும் போக வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோய், கண் அழுத்த நோய் ஆகியவையும் நிறப்பார்வையைக் கெடுக்கலாம்.

கண்ணாடி போட்டிருந்தால் தள்ளிவிடுவார்களா? லேசர் செய்துகொண்டு வரட்டுமா?

கண்ணாடி மட்டுமே தள்ளுவதற்குக் காரணமாகாது. சர்வதேசக் குறைந்தபட்ச அளவு இது: டெக் பிரிவில் கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 0.5, அதாவது 6/12. இஞ்சின் பிரிவில் இரண்டு கண்ணும் சேர்ந்து 0.4. கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணிலும் குறைந்தது 0.1 இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. புயலில் கண்ணாடி கழன்று விழுந்தால் உயிர்காப்புப் படகு வரையாவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? வேலைக்கு இன்னொரு ஜோடிக் கண்ணாடி கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். இந்தியாவில் டெக் கேடட்டாகப் புதிதாகச் சேர்பவருக்கு, கண்ணாடி இல்லாத பார்வையில் இதைவிடக் கடுமையான அளவு கேட்கப்படும். அதையும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேசர் சிகிச்சை செய்துகொண்டவர் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். பார்வைக் கூர்மை மட்டும் போதாது. இரவுப் பார்வை, கண்கூச்சம், மங்கலான பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காணும் திறன் ஆகியவற்றைக் கண் மருத்துவ நிபுணர் சோதித்திருக்க வேண்டும் என்று 2013 ஆம் ஆண்டின் வழிகாட்டி சொல்கிறது. பரிசோதனைக்கு முந்தைய வாரம் அவசரமாக லேசர் செய்துகொண்டு வருவதால் பயனில்லை. நிறப்பார்வையை லேசர் தொடுவதே இல்லை என்பதால், லேசருக்குச் செலவு செய்யும் முன் இஷிஹாரா புத்தகத்தைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு வீட்டில் பிரஷர் 130 தான். அங்கே போனதும் 164 காட்டி அன்ஃபிட் என்று எழுதிவிட்டார்கள். என்ன செய்வது?

இது தற்காலிகத் தகுதியின்மை. மேல் அளவு 160 ஐயோ கீழ் அளவு 100 ஐயோ தாண்டினால், காரணத்தை ஆராய்ந்து சிகிச்சை அளிக்கும் வரை தகுதியில்லை என்று வழிகாட்டி சொல்கிறது. அந்த எண்ணைத் தாண்டிய ஒருவருக்குத் தகுதி உண்டு என்று மருத்துவர் அன்றே எழுதிவிட முடியாது.

அந்த 164 உண்மையான உயர் அழுத்தமா என்பது தனிக் கேள்வி. மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் ஏறுபவர்கள் நிறையப் பேர். டோம்பிவிலியிலிருந்து நெரிசலில் நின்று வந்து, தாதரில் வண்டி மாறி, ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, வழியில் ஒரு கட்டிங் சாயும் ஒரு சிகரெட்டும் முடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவுடன் கையில் பட்டையைச் சுற்றினால் எண் ஏறத்தான் செய்யும். அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். அந்த அரை மணி நேரத்தில் டீ, காபி, புகை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல், பேசாமல் 5 நிமிடம் உட்கார்ந்திருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினாலும் எண் கூடிக் காட்டும் என்பதால், பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்கலாம்.

அப்போதும் இறங்கவில்லை என்றால், 24 மணி நேரம் உடலோடு இருந்து அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்ப்பது நல்லது. இரவும் பகலும் சேர்ந்த அந்தப் பதிவு, இது பதற்றமா நோயா என்று பிரித்துக் காட்டும். நோய்தான் என்றால் மருந்தைத் தொடங்கி, அழுத்தம் நிலைப்பட்ட பிறகு சிகிச்சை மருத்துவரின் கடிதத்தோடு திரும்பி வாருங்கள். மாத்திரை சாப்பிடும் ஒரே காரணத்துக்காக யாரும் தள்ளப்படுவதில்லை. பரிசோதனை நாள் காலையில் மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டு வருபவர்கள் மயங்கி விழ வாய்ப்புண்டு. அது இன்னொரு விசாரணையைத் தொடங்கிவைக்கும்.

இஞ்சின் ரூமில் வேலை பார்த்துக் காது கொஞ்சம் மந்தம். தேறுவேனா?

அமைதியான அறையில் ஹெட்போன் வைத்து 500, 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கேட்க வைத்து, சராசரியைக் கணக்கிடுவார்கள். நன்றாகக் கேட்கும் காதில் அது 30 டெசிபலுக்குள்ளும், மற்றக் காதில் 40 டெசிபலுக்குள்ளும் இருந்தால் போதும். இரைச்சலால் வரும் கேடு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்குவதால், நீங்கள் இன்று தேறினாலும் வரைபடத்தில் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கலாம். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். போன காதைத் திருப்ப முடியாது. காதில் அழுக்கடைத்திருந்தால் மட்டும், அதை எடுத்துவிட்டு மறுநாள் சோதித்தாலே எண் இறங்கிவிடும்.

டி.ஜி. மெடிக்கலில் ஃபிட் என்று வந்தது. கம்பெனி மெடிக்கலில் தள்ளிவிட்டார்கள். இது எப்படி?

இரண்டும் வேறு. சட்டம் கேட்பது முதலாவது. இரண்டாவது, கப்பல் நிறுவனமும், கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் பொறுப்புக் காப்பீட்டுக் கிளப்பும் தங்கள் செலவைக் கருதிக் கேட்பது. அதில் வயிற்று ஸ்கேன், கல்லீரல் சோதனை, போதைப்பொருள் சோதனை, ட்ரெட்மில் சோதனை போன்றவை சேரலாம். ஒரு தொந்தரவும் தராத பித்தப்பைக் கல்லோ சிறுநீரகக் கல்லோ ஸ்கேனில் தெரியவரும். கரையில் அதோடு வாழ்ந்துவிடலாம். நடுக்கடலில் வலி கிளம்பினால் அருகிலுள்ள துறைமுகம் நாள் கணக்கில் தொலைவில் இருக்கும். கப்பலைத் திருப்பவும் நேரலாம். அதனால்தான் தயங்குகிறார்கள். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அடுத்த ஒப்பந்தத்துக்கு வழி திறக்கும்.

சின்ன வயதில் வலிப்பு வந்தது. இப்போது ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

சொல்லிவிடுங்கள். கைக்குழந்தைக் காலத்தில் காய்ச்சலோடு ஒருமுறை வந்த வலிப்பும், வலிப்பு நோயும் ஒன்றல்ல. மருத்துவர் அதைப் பிரித்துப் பார்ப்பார். வலிப்பு நோய் இருந்தவர்களுக்கு வழிகாட்டி கேட்பது கடுமையானது: 10 ஆண்டுகள் வலிப்பு வராமலும், அந்தக் காலத்தில் மருந்தே எடுத்துக்கொள்ளாமலும் இருந்திருக்க வேண்டும், மீண்டும் வரும் வாய்ப்பும் இருக்கக் கூடாது. தூக்கம் கெடும் வாட்ச் எனப்படும் முறைப்பணி நேரங்களும், உயரத்திலும் இயந்திரங்களுக்கு அருகிலும் செய்யும் வேலையும் சேர்ந்தால், ஒரு நொடி நினைவு தவறினாலும் உயிர் போய்விடும்.

மறைப்பதன் விலையைக் குடும்பம்தான் கொடுக்கும். கப்பலில் நோய் வந்தால் சிகிச்சைச் செலவையும் சம்பளத்தையும் உரிமையாளர் ஏற்க வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் வேலையில் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய் என்றால், அந்தப் பொறுப்பிலிருந்து உரிமையாளரை விலக்க நாட்டுச் சட்டம் அனுமதிக்கலாம் என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. கையெழுத்திட்ட அந்தப் படிவம்தான் அப்போது எடுத்துவைக்கப்படும் சாட்சி.

தகுதியில்லை என்று எழுதிவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை. முதலில், தற்காலிகமா நிரந்தரமா, எந்தச் சோதனையில், என்ன அளவு வந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகுதி மறுக்கப்பட்டவருக்கும், குறிப்பிட்ட வேலை அல்லது கடற்பகுதிக்கு மட்டும் என்று வரம்பு விதிக்கப்பட்டவருக்கும், தொடர்பில்லாத இன்னொரு மருத்துவரிடமோ நடுவரிடமோ மறுபரிசோதனை கேட்கும் உரிமை இருக்கிறது. முதல் முடிவை மறைத்துக்கொண்டு இன்னொரு கிளினிக்கில் புதிதாகப் பதிவு செய்வது மறுபரிசோதனை ஆகாது. முதல் அறிக்கையோடும் சிறப்பு மருத்துவரின் கருத்தோடும் போனால்தான் அது மேல்முறையீடு.

சான்றிதழ் எத்தனை நாள் செல்லும்? கடலில் இருக்கும்போது முடிந்துவிட்டால்?

அதிகபட்சம் 2 ஆண்டுகள். 18 வயது நிறையாதவருக்கு 1 ஆண்டு. நிறப்பார்வைச் சோதனையின் முடிவு 6 ஆண்டுகள் வரை செல்லும். உடல்நிலையைப் பொறுத்து மருத்துவர் குறைந்த காலத்துக்கும் தரலாம். பயணத்தின் நடுவே காலாவதியானால், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர் கிடைக்கும் அடுத்த துறைமுகம் வரை அது செல்லும். ஆனால் அந்த நீட்டிப்பு 3 மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே கப்பல் ஏறும் நாளைப் பார்க்காமல், ஒப்பந்தம் முடியும் நாளைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.